15எச் கொடுத்தும் வட்டியில் வரி பிடித்துவிட்டார்களா? பணத்தைத் திரும்ப வாங்கும் வழி

வைப்புத்தொகை வட்டியை நம்பி மாதச் செலவை ஓட்டும் வீடுகள் சென்னையில் நிறைய. ஜூன் மாதக் கடைசியில் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் முப்பதாயிரம் வரவேண்டிய இடத்தில் இருபத்தேழாயிரம்தான் வந்திருக்கும். கவுண்ட்டரில் கேட்டால் “டிடிஎஸ் பிடிச்சிருக்காங்க” என்பார்கள். “நான்தான் 15எச் குடுத்தேனே” என்றால், “எப்போ குடுத்தீங்க?” என்று எதிர்க்கேள்வி வரும். 15எச் என்பது, எனக்கு வரி வராது, வட்டியில் பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கிக்குக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம். விஷயம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு 2025-26 நிதியாண்டில் நடந்ததை வைத்தே இதைச் சொல்கிறேன். அவருடைய கணக்கில் தாமதமாகக் கொடுத்த படிவம், படிவம் கொடுத்த பிறகும் நடந்த பிடித்தம் இரண்டுமே இருக்கின்றன. இங்கே சொல்லும் வரம்புகளும் படிவ எண்களும் அந்த நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால், அதற்குப் பிந்தைய வட்டிக்குப் படிவம் கொடுக்கும்போது கிளையில் புது ஆண்டுக்கான தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய தாளை நகல் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

டீச்சரின் கணக்கு

வயது 68. ஓய்வூதியம் மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000. மாம்பலம் கிளையில் 16 லட்சம் எஃப்டி, 7.5 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை 30,000 வட்டி. வழக்கமாக ஏப்ரல் முதல் வாரத்தில் 15எச் கொடுத்துவிடுவார். அந்த வருடம் கண் அறுவை சிகிச்சைக்காக மகள் வீட்டில் இருந்ததால் ஜூலை 14 அன்றுதான் கொடுத்தார். அதற்குள் ஜூன் 30 வட்டியில் 3,000 போய்விட்டது.

அக்டோபர் 1 அன்று தாம்பரத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே வங்கியின் வேறொரு கிளையில் 8 லட்சம் போட்டார். 7 சதவீதம், காலாண்டுக்கு 14,000. டிசம்பரிலும் மார்ச்சிலும் தலா 1,400 பிடித்தார்கள். ஆக மொத்தம் 5,800.

அவருக்குப் புரியாதது ஒன்றுதான். “தாம்பரத்துல எனக்கு வந்த வட்டியே 28,000தான். லட்சம் ரூபாய் தாண்டினாத்தானே பிடிக்கணும்?” நியாயமான கேள்வி. மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி 1 லட்சம் தாண்டினால்தான் பிடித்தம். அறுபது வயதுக்குக் கீழே இருந்தால் அந்த வரம்பு 50,000. ஆனால் ஒரே மையக் கணினியில் இயங்கும் வங்கி, இந்த வரம்பைக் கிளை கிளையாகப் பார்ப்பதில்லை. ஒரே பான் எண்ணில் இருக்கும் எல்லாக் கிளை வட்டியையும் கூட்டிப் பார்க்கிறது. மாம்பலத்தில் 1,20,000 இருப்பதால் தாம்பரத்து 28,000-க்கும் 10 சதவீதம் பிடித்துவிட்டார்கள்.

அப்படியானால் மாம்பலத்தில் கொடுத்த 15எச் ஏன் தாம்பரத்துக்குப் பொருந்தவில்லை? அந்தப் படிவத்தில் எந்த முதலீட்டின் வட்டிக்காக உறுதிமொழி தருகிறோம் என்று கணக்கு எண்ணோடு எழுதும் கட்டம் இருக்கிறது. ஜூலையில் கொடுத்த தாளில் அக்டோபரில் பிறந்த எஃப்டி இருக்க வழியில்லை. போதாக்குறைக்கு, தாம்பரம் கிளையில் அவருக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் எண் போட்டிருந்தார்கள். வரி பிடிக்காதே என்ற குறி பழைய எண்ணில் மட்டும்தான் இருந்தது. வரம்பைக் கணக்கிடும்போது கூட்டிப் பார்க்கிற கணினி, படிவத்தைப் பார்க்கும்போது பிரித்துப் பார்க்கிறது. இது வாடிக்கையாளருக்குப் பாதகமான ஏற்பாடு என்பது என் கருத்து. ஆனாலும் நிலைமை இதுதான் என்று தெரிந்துகொண்டு நடப்பதே நமக்கு நல்லது.

முதல் வேலை: இனிமேல் போவதை நிறுத்துங்கள்

பிடித்துவிட்ட தொகையைப் பற்றிப் பேசும் முன் அடுத்த காலாண்டைக் காப்பாற்றுங்கள். 15எச் முன்தேதிக்குச் செல்லாது; வங்கிக் கணினியில் பதிந்த நாளிலிருந்துதான் வேலை செய்யும். ஆகவே தாமதமாகிவிட்டது, இனி என்ன பயன் என்று விடக் கூடாது. ஜூலையில் கொடுத்ததால்தான் டீச்சருக்கு மாம்பலத்தில் மீதி மூன்று காலாண்டின் 9,000 தப்பியது.

அவருக்கு அந்தப் படிவம் கொடுக்கத் தகுதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். 15எச் கொடுக்க 60 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஆண்டின் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட வருமானம் வரை வரியை நீக்கும் 87ஏ தள்ளுபடி போக வரி பூஜ்ஜியம் என்றாலும் போதும். அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கொடுக்கும் 15ஜி அவ்வளவு தாராளமில்லை. வரி பூஜ்ஜியமாக இருப்பதோடு, மொத்த வட்டியும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது. புதிய வரி முறையில் 2025-26-க்கு அந்த வரம்பு 4 லட்சம். ஐம்பத்திரண்டு வயதில் வட்டி மட்டும் 5 லட்சம் வாங்கும் ஒருவர், தள்ளுபடியால் கடைசியில் வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும், 15ஜி கொடுக்க முடியாது. அவர் பிடிக்கவிட்டு ரிட்டர்னில்தான் வாங்க வேண்டும். தகுதி இல்லாமல் தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுப்பது வழக்குத் தொடரக்கூடிய குற்றம்.

தாளைக் கொடுத்துவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒவ்வொரு படிவத்துக்கும் வங்கி ஒரு தனி அடையாள எண் கொடுக்க வேண்டும். 26 எழுத்துகள் கொண்டது. 15எச் என்றால் H என்று தொடங்கும், பிறகு வரிசை எண், நிதியாண்டு, கடைசியில் வங்கியின் டான் எண். அந்த எண் கிடைத்தால் படிவம் கணினியில் ஏறிவிட்டது என்று பொருள். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லையென்றால், உங்கள் தாள் மேசை டிராயரில் தூங்குகிறதோ என்று சந்தேகப்படலாம். நெட் பேங்கிங்கிலோ செயலியிலோ கொடுத்தால் ஒப்புகை உடனே வரும் என்பதால், முடிந்தவர்களுக்கு அதுவே நல்லது.

புதிதாக எஃப்டி போட்டால் அன்றைக்கே இன்னொரு படிவமும் கொடுங்கள். அந்த ஆண்டில் ஏற்கெனவே எத்தனை படிவம், எவ்வளவு தொகைக்குக் கொடுத்தீர்கள் என்று அதில் ஒரு கட்டம் கேட்கும். டீச்சர் தாம்பரத்தில் கொடுத்திருந்தால் அங்கே ஒரு படிவம், 1,20,000 என்று எழுதியிருப்பார். “எனக்கு இன்னொரு வாடிக்கையாளர் எண் இருக்கிறதா?” என்றும் கேளுங்கள். இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

பிடித்ததை வங்கியே திருப்பித் தருமா?

பெரும்பாலும் தராது. ஒரு மாதத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். கட்டிவிட்டால் அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் அரசிடம் போய்விட்டது, வங்கியின் கையில் இல்லை. டீச்சர் போனபோது மாம்பலம் கிளை அதிகாரி சொன்னது இது: “ஜூன் பிடித்தம் ஏழாம் தேதியே கட்டியாச்சு டீச்சர். இனி நாங்க எதுவும் பண்ண முடியாது, ரிட்டர்ன்ல வாங்கிக்குங்க.” அவர் சொன்னது சரி.

ஏப்ரலிலேயே முத்திரையோடு படிவம் கொடுத்திருந்தும் ஜூனில் பிடித்திருந்தால் கதை வேறு. அது வங்கியின் தவறு. பிடித்தது தெரிந்த அன்றே, 7-ஆம் தேதிக்கு முன்பே, முத்திரை வைத்த நகலோடு எழுத்தில் புகார் கொடுத்தால் சில கிளைகள் பதிவை மாற்றிப் பணத்தைத் திரும்ப வரவு வைக்கின்றன. தேதி தாண்டிவிட்டால் வரி ரிட்டர்ன் வழியாகத்தான் வரும். ஆனாலும் புகாரை விட வேண்டாம். பதிவு செய்யாத படிவத்தை இப்போதாவது பதியச் செய்ய அது உதவும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கேட்க வேண்டியது சேவைக் குறைபாட்டுக்கான பரிகாரம். வரித் தொகையை அவர் திருப்பித் தர மாட்டார்.

26ஏஎஸ்-ஐப் படிப்பது

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் அறிக்கைதான் 26ஏஎஸ். incometax.gov.in தளத்தில் உள்ளே போய் e-File → Income Tax Returns → View Form 26AS என்று போனால் டிரேசஸ் தளம் திறக்கும். ரிட்டர்ன் போடும் ஆண்டு, அதாவது 2026-27-ஐத் தேர்ந்தெடுங்கள். வங்கியின் பெயரை அழுத்தினால் ஒவ்வொரு பிடித்தமும் தனிப் பதிவாக விரியும். டீச்சருக்கு மூன்று பதிவுகள் இருந்தன: ஜூன் 30 அன்று 30,000-க்கு 3,000, டிசம்பர் 31 அன்று 14,000-க்கு 1,400, மார்ச் 31 அன்று 14,000-க்கு 1,400. பிரிவு 194ஏ. Status of Booking என்ற இடத்தில் F இருந்தால் வங்கி கட்டியது அரசுக் கணக்கோடு ஒத்துப்போய்விட்டது. U இருந்தால் இன்னும் ஒத்துப்போகவில்லை. கிளையில் சொல்லித் திருத்தச் செய்த பிறகே ரிட்டர்ன் போடுங்கள்.

இப்போது அந்தப் பக்கத்தின் மொத்தத்தைப் பாருங்கள். வட்டி 58,000, வரி 5,800. இந்த 58,000-ஐத் தன் வட்டி வருமானம் என்று எடுத்துப் போடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. வரி பிடித்த வட்டி மட்டும்தான் அது. 15எச் பதிந்த பிறகு மாம்பலத்தில் வந்த 90,000 அதே 26ஏஎஸ்-இன் இன்னொரு பகுதியில், 15ஜி, 15எச் என்ற தலைப்பின் கீழ், வரி பூஜ்ஜியம் என்று உட்கார்ந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 1,48,000. ஏஐஎஸ் எனப்படும் வருடாந்திரத் தகவல் அறிக்கையிலும் வங்கி சொன்ன எஃப்டி வட்டி அதே 1,48,000 இருக்க வேண்டும். வங்கியில் வாங்கும் வட்டிச் சான்றிதழும் அதையே சொல்ல வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதியாக மேலே போகலாம்.

இன்னொரு தவறு, கைக்கு வந்ததை எழுதுவது. பாஸ்புக்கில் பிடித்தம் போக 1,42,200 வந்திருக்கிறது என்று அதைப் போடுவார்கள். பிடித்த 5,800-உம் உங்கள் வருமானம்தான், அதை முன்கூட்டியே வரியாகக் கட்டியிருக்கிறீர்கள். முழு வட்டியைக் காட்டினால்தான் முழு வரியைத் திருப்பிக் கேட்க முடியும். முதிர்வில் மொத்தமாகத் தரும் எஃப்டியாக இருந்தால் கையில் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது, ஆனாலும் வங்கி சேர்ந்த வட்டிக்கு வருடா வருடம் வரி பிடித்திருக்கும். அங்கேயும் சேர்ந்த வட்டியை அந்தந்த ஆண்டிலேயே காட்டிவிடுங்கள். வட்டியைக் காட்டாமல் வரியை மட்டும் கேட்டால் ரிட்டர்ன்களைச் செயலாக்கும் வரித்துறையின் பெங்களூரு மையம் தராது.

இந்த விவரங்கள் எப்போது ஏறும் என்று கேட்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு அறிக்கையை வங்கி மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் ஜூன் நடுவில் பார்த்தால் எல்லாப் பதிவுகளும் இருக்கும். படிவம் 16ஏ என்ற சான்றிதழும் அப்போது கிடைக்கும். ஏப்ரலிலேயே அவசரப்பட்டு ரிட்டர்ன் போட்டால் மார்ச் பிடித்தம் விடுபட்டுப் போகும். கூட்டுக் கணக்கில் வரி முதல் பெயரில் இருப்பவரின் பான் எண்ணில்தான் ஏறும், அவர் பெயரில்தான் கேட்க வேண்டும்.

ரிட்டர்ன் போடுவது

ஓய்வூதியமும் வட்டியும் மட்டும் இருந்தால் ஐடிஆர்-1 போதும். கெடு ஜூலை 31. e-File → Income Tax Returns → File Income Tax Return வழியாகப் போனால் பெரும்பாலான கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். நிரம்பியிருப்பது எல்லாம் சரி என்று நினைக்காமல் மூன்று இடங்களைக் கண்டிப்பாகப் பாருங்கள்: ஓய்வூதியம், மற்ற வருமானத்தில் இருக்கும் வட்டி, வரி பிடித்த அட்டவணை.

டீச்சருக்குக் கணக்கு இப்படி வந்தது. ஓய்வூதியம் 3,60,000-இல் நிலையான கழிவு 75,000 போக 2,85,000. எஃப்டி வட்டி 1,48,000. சேமிப்புக் கணக்கு வட்டி 6,200. மொத்தம் 4,39,200. புதிய முறையில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட 39,200-க்கு 5 சதவீதம் 1,960. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் அது 87ஏ தள்ளுபடியில் பூஜ்ஜியமாகிவிடும். செலுத்திய வரி 5,800. திரும்ப வரவேண்டியதும் முழு 5,800. பழைய முறையில் மூத்த குடிமக்களுக்கு வட்டியில் 50,000 வரை கழிக்கும் 80டிடிபி உண்டு. புதிய முறையில் அது இல்லை. டீச்சருக்கு எப்படியும் வரி இல்லை என்பதால் மாற்றிக்கொள்ளவில்லை.

பணம் வந்து சேரும் கணக்கை Profile-இல் My Bank Account பக்கத்தில் முன்கூட்டியே சரிபார்த்து, திரும்பப் பெறுவதற்கான கணக்கு என்று குறித்து வையுங்கள். வங்கியில் இருக்கும் பெயரும் பான் அட்டையில் இருக்கும் பெயரும் பொருந்த வேண்டும். பான், ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இணைக்காமல் செயலிழந்த பான் எண்ணுக்குப் பணம் வராது, வட்டியில் 10-க்குப் பதில் 20 சதவீதமும் பிடிப்பார்கள்.

சமர்ப்பித்ததோடு வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ வேறு வழியிலோ உறுதிப்படுத்த வேண்டும். உறுதிப்படுத்தாத ரிட்டர்ன் போடாததற்குச் சமம். பெரியவர்கள் இந்த இடத்தில் விட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆதாரில் பழைய செல்பேசி எண் இருந்தால் ஓடிபி வராது. அதை முதலிலேயே ஆதார் மையத்தில் மாற்றிவிடுங்கள்.

பணம் வரும் வரை

செயலாக்கம் முடிந்ததும் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அதைத் திறக்கும் கடவுச்சொல் சிறிய எழுத்தில் பான் எண், தொடர்ந்து பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். அதில் நீங்கள் சொன்னதும் துறை கணக்கிட்டதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தொகை குறைந்திருந்தால் எந்த இடத்தில் வித்தியாசம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கெடுவுக்குள் போட்டிருந்தால் ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் சேர்ந்து வரும். டீச்சருக்கு மாதம் 29 ரூபாய். ஆகஸ்டில் வந்ததால் ஐந்து மாதத்துக்கு 145. இந்த 145 அடுத்த ஆண்டின் வருமானத்தில் காட்ட வேண்டியது. 5,800 வருமானம் அல்ல.

Refund failed என்று வந்தால் வங்கிக் கணக்குப் பிரச்சினை. கணக்கைச் சரிசெய்து Services → Refund Reissue வழியாக மறுபடி கேட்கலாம். பழைய ஆண்டு பாக்கி ஏதாவது இருந்தால் அதில் கழித்துக்கொள்வதாக முதலில் அறிவிப்பு வரும். அந்தப் பாக்கி தவறு என்றால் Pending Actions பகுதியில் Response to Outstanding Demand-இல் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். பதில் சொல்லாமல் இருந்தால் கழித்துவிடுவார்கள்.

கெடு தாண்டிவிட்டால்

ஜூலை 31 போனால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம், பணமும் கேட்கலாம். ஆனால் மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000, அதற்கு மேல் 5,000 தாமதக் கட்டணம். டீச்சர் தவறவிட்டிருந்தால் 5,800-இல் ஆயிரம் போயிருக்கும். திரும்ப வரும் தொகைக்கு வட்டியும் ஏப்ரலிலிருந்து கிடையாது, ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான்.

டிசம்பரும் போய்விட்டால், “அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு வாங்கிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். நம்ப வேண்டாம், அந்த வகை ரிட்டர்னில் பணம் திரும்பக் கேட்க முடியாது. இருக்கும் ஒரே வழி 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. 2024 அக்டோபர் 1 தேதியிட்ட நேரடி வரிகள் வாரியச் சுற்றறிக்கைப்படி, அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். தளத்திலேயே Services → Condonation Request இருக்கிறது. தாமதத்துக்கு உண்மையான காரணம், அதற்கான ஆதாரம் வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள் போன்றவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். மனுவைக் கவனிக்கும் அதிகாரி விளக்கம் கேட்டால் நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஆயகர் பவனுக்குப் போக நேரலாம். இந்த வழியில் வரும் பணத்துக்கு வட்டி கிடையாது. அனுமதி கிடைத்த பிறகே ரிட்டர்ன் போட முடியும் என்பதால், சில நூறு ரூபாய்க்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்பேன். ஐந்தாயிரம், பத்தாயிரம் என்றால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.